கொட்டேஷன்ல எழுதாத வரிதான் பின்னாடி காசு கேக்கும்: ஒரு பாத்ரூம் வேலைய வச்சு படிச்சுப் பார்ப்போம்

நான் கோலாலம்பூர்ல ஒரு டைல்ஸ் கடையில ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை ஆனா கையில கொட்டேஷனோட நாலு பேராவது வருவாங்க, "தம்பி, காண்ட்ராக்டர் டைல்ஸும் சேத்துதான் வெல சொன்னாரு, இப்ப ஏன் மேல காசு கேக்குறாரு"ன்னு. அந்தத் தாள வாங்கிப் பார்த்தா பெரும்பாலும் அவரு பொய் சொல்லியிருக்க மாட்டாரு. எழுதாம விட்டிருப்பாரு, அவ்ளோதான்.

வீடு முழுக்க ரெனவேஷன் பத்தி எழுதினா முடியாது. அதனால ஒரே ஒரு பாத்ரூம் எடுத்துக்குவோம். செத்தாபாக்ல ஒரு பழைய அபார்ட்மெண்ட், எங்க பக்கத்து வீட்டு அக்காவோடது, அஞ்சடிக்கு ஏழடி. அவங்களுக்கு வந்த கொட்டேஷன் இதுதான்:

பழைய டைல்ஸ் ஹேக்கிங், 1,500 வெள்ளி
வாட்டர்ப்ரூஃபிங், 900
சுவர், தரை டைல்ஸ் சப்ளை அண்ட் இன்ஸ்டால், 210 சதுர அடி, அடிக்கு 18 வெள்ளி, 3,780
பைப்பிங், 1,200
சானிட்டரி இன்ஸ்டாலேஷன், 600
சீலிங், 700
மொத்தம் 8,680 வெள்ளி

இன்னொருத்தர் 10,900 கேட்டாரு. அக்கா மொத ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல தான் என்கிட்ட காட்டுனாங்க.

முதல்ல கொட்டேஷன மூடி வைங்க

ஒரு வெள்ளைத் தாள்ல அந்த பாத்ரூம்ல வேலை எப்படி நடக்கும்னு நாள் கணக்குல நீங்களே எழுதுங்க, டெக்னிக்கல் வார்த்த ஒண்ணும் வேணாம். பழைய டைல்ஸ உடைக்கிறாங்க. உடைச்ச குப்பைய மூட்டை கட்டி லிஃப்ட்ல இறக்கி லோரில ஏத்துறாங்க. சுவத்துல பைப், வயர் போக பள்ளம் வெட்டுறாங்க. சுவர பூசுறாங்க. வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கிறாங்க, காயுது, தண்ணி நிறுத்திப் பாக்குறாங்க. தரைக்கு சிமெண்ட் போட்டு சரிவு எடுக்குறாங்க. டைல்ஸ் ஒட்டுறாங்க, க்ரௌட் போடுறாங்க. சீலிங். அப்புறம் டாய்லெட் பௌல், பேசின், ஹீட்டர் மாட்டுறாங்க. கழுவித் தர்றாங்க.

இப்ப கொட்டேஷனத் திறந்து, நீங்க எழுதுன ஒவ்வொரு வேலைக்கும் அதுல எந்த வரி பதில் சொல்லுதுன்னு பாருங்க. பதில் இருந்தா டிக், வரி இருக்கு ஆனா எவ்வளவு தூரம்னு தெரியலன்னா வட்டம், வரியே இல்லன்னா கேள்விக்குறி. நேரா கொட்டேஷன்ல இருந்து ஆரம்பிச்சா இருக்குறதத்தான் கண்ணு பாக்கும், இல்லாதது எப்படி கண்ணுல படும்? அதுக்குத்தான் இந்த மூடி வைக்கிற வேலை.

அக்கா தாள்ல மூணு கேள்விக்குறி வந்துச்சு: குப்பை, சுவர் பூச்சு, ஹீட்டர் வயரிங். வட்டம் இன்னும் ரெண்டு மூணு.

'ஹேக்கிங்'ன்னா எது வரைக்கும்?

இதுல தான் சண்ட அதிகம். டைல்ஸ உடைக்கும்போது டைல்ஸ் மட்டும் வராது, பின்னாடி இருக்குற பழைய சிமெண்ட் பூச்சும் பாளம் பாளமா சேந்து வந்துரும், பழைய வீட்ல அது கட்டாயம் நடக்கும்னு எடுத்துக்கலாம். செங்கல் தெரியிற சுவத்துல நேரா டைல்ஸ் ஒட்டுனா மட்டமா வராது, மறுபடி பூசித்தான் ஆகணும். ஆனா கொட்டேஷன்ல ஹேக்கிங் ஒரு வரி, டைல்ஸ் ஒரு வரி, நடுவுல பூச்சு எங்கன்னா எங்கயும் இல்ல. உடைச்சு முடிச்ச மறுநாள் காலையில போன் வரும், "சுவர் மோசமா இருக்கு, பூசணும், தனிக்காசு"ன்னு. அப்ப நீங்க என்ன பண்ண முடியும், உடைச்ச பாத்ரூம வச்சிக்கிட்டு வேற ஆள் தேடவா முடியும்.

அதனால மூணு கேள்வி: தரையில கான்கிரீட் ஸ்லாப் வரைக்கும் உடைப்பீங்களா, டைல்ஸ் மட்டுமா? சுவர் பூச்சு உள்ள சேத்தியா? குப்பைய வெளிய கொண்டு போறது யாரு? மூணாவது அபார்ட்மெண்ட்ல ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரு பாத்ரூம் குப்பைய கான்டோ குப்பை ரூம்ல போட விட மாட்டாங்க, லோரியோ, ரோரோ பின்னுங்கிற பெரிய குப்பைத் தொட்டியோ வரணும், லிஃப்ட்டுக்கு பலகை அடிக்கணும், மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல ரெனவேஷன் டெபாசிட் கட்டணும். டெபாசிட் நம்ம காசு, திரும்ப வரும், ஆனா லாபி தரைய கீறிட்டாங்கன்னு பிடிச்சா அந்தப் பிடித்தம் யாரோடது? அதையும் ஒரு வரியில எழுதி வாங்குங்க.

கேட்டதுல மொத காண்ட்ராக்டர் சொன்னது: பூச்சுக்கு 800, குப்பைக்கு 650.

'சப்ளை' உள்ள என்ன வெல டைல்ஸ் இருக்கு?

அடிக்கு 18 வெள்ளில டைல்ஸும் சேத்தின்னா, அவரு கணக்குல டைல்ஸுக்கு மட்டும் அடிக்கு எவ்வளவு வச்சிருக்காரு? இத பிசி ரேட்னு சொல்வாங்க. கொட்டேஷன்ல அந்த நம்பர் இல்லன்னா அது காலி செக் மாதிரி, அதுவும் நீங்க கையெழுத்து போட்டது. அக்கா கேட்டாங்க, அவரு வச்சிருந்தது 4 வெள்ளி. கடைக்கு வந்து 4 வெள்ளி டைல்ஸப் பார்த்துட்டு யாரும் சந்தோசமா போனத நான் பாத்ததில்ல. அக்கா எடுத்தது 9 வெள்ளி.

இப்ப அளவு சரியான்னு நீங்களே பாத்துக்கலாம். சுத்தளவு 24 அடி, சீலிங் உயரம் 8 அடி, ஆக 192. கதவுக்கு ரெண்டரைக்கு ஏழு, 17.5 கழிச்சா 174.5. தரை 35. மொத்தம் 209.5, அவரு போட்ட 210 நியாயமான கணக்குதான். ஆனா வெட்டுல வீணாப் போறதுக்கு பத்து சதவீதம் கூட வாங்கணும், 231. வித்தியாசம் அஞ்சு வெள்ளி, 231 அடிக்கு 1,155 வெள்ளி. இந்த ஒரு நம்பர் கேக்காம விட்டதுக்கு அவ்வளவு. வேஸ்டேஜ் யாரு கணக்குன்னும் எழுதணும், ஏன்னா கடையில பெட்டியாத்தான் விப்போம், முந்நூறுக்கு அறுநூறு மில்லிமீட்டர் டைல்ஸ் எட்டு பீஸ் வர்ற பெட்டின்னா சுமாரா பதினஞ்சரை சதுர அடி, 231க்கு பதினஞ்சு பெட்டி. ரொம்ப பெரிய டைல்ஸ் எடுக்கப் போறீங்கன்னா ஒட்டுக்கூலியே ஏறும், கொட்டேஷன்ல எந்த சைஸுக்கு கூலி போட்டிருக்காருன்னு பாத்துட்டு அப்புறம் கடைக்கு வாங்க.

வாட்டர்ப்ரூஃபிங், ஒரு வார்த்தையில முடியாது

தரை மட்டுமா, சுவத்துலயும் ஏறுதா, ஷவர் பக்கம் எவ்வளவு உயரம், எத்தன கோட், சரிவு சிமெண்ட் போடுறதுக்கு முன்னாடி தண்ணி நிறுத்தி 24 மணி நேரம் பாப்பீங்களா. கடைசிக் கேள்வி தான் முக்கியம், டெஸ்ட் எழுதலன்னா டெஸ்ட் நடக்காது, நாள் மிச்சம்னு அடுத்த நாளே டைல்ஸ் ஏறிரும். இது எக்ஸ்ட்ரா காசு சமாச்சாரம் மட்டும் இல்ல. மாடி வீட்டுல கீழ் வீட்டு சீலிங்ல தண்ணி ஒழுகுனா, 2015 ஸ்ட்ராட்டா மேனேஜ்மெண்ட் விதிகள் படி வேற மாதிரி நிரூபிக்கிற வரைக்கும் மேல் வீட்டுல இருந்துதான் வருதுன்னு எடுத்துக்குவாங்க. சரி பண்ற செலவு நம்ம தலையில. அதனால வாரண்டி எத்தன வருஷம், ஒழுகுனா டைல்ஸ் உடைச்சு திரும்ப ஒட்டுறதும் அதுல சேருமான்னு எழுதி வாங்குங்க. மருந்து மட்டும் ஃப்ரீன்னு சொல்ற வாரண்டியும் இருக்கு லா.

'சானிட்டரி இன்ஸ்டாலேஷன்', 'பைப்பிங்'

இன்ஸ்டாலேஷன்னா மாட்டுற கூலி மட்டும், சாமான் நம்ம வாங்கணும். இதுல ஒரு பொறி: டாய்லெட் பௌல் வாங்குறதுக்கு முன்னாடி சுவத்துல இருந்து தரையில இருக்குற கழிவு ஓட்டையோட நடு வரைக்கும் டேப் வச்சு அளங்க. எட்டு இஞ்ச்னு ஒரு வீடு, பத்து இஞ்ச்னு இன்னொரு வீடு. மாத்தி வாங்கிட்டா ஓட்டைய நகத்தணும், இல்ல கடைக்காரன்கிட்ட கெஞ்சணும், ரெண்டும் செலவு. கழிவு பைப் தரையில போகாம சுவத்துக்குள்ள போற வீடும் உண்டு, அதுக்கு பௌல் வகையே வேற.

பைப்பிங் 1,200ங்கிறதுல எத்தன பாயிண்ட், சுவத்துக்குள்ள மறைச்சா வெளிய ஓடுறதா, அது எழுதல. ஹீட்டருக்கு வயரிங் வரியே இல்ல, "அது வயர்மேன் வேலை"ன்னாரு, 350. ஹீட்டருக்கு, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 10 மில்லியாம்ப் ஆர்சிடி இருக்கான்னு வயர்மேன்கிட்டயே கேட்டுக்கங்க, பழைய மெயின் ஸ்விட்ச் பெட்டியில பெரும்பாலும் இருக்காது, அதுவும் தனிக்காசா வந்து நிக்கும்.

இப்ப கூட்டிப் பாருங்க

8,680 கூட 800, 650, 1,155, 350 சேத்தா 11,635 வெள்ளி. ரெண்டாவது ஆளோட 10,900ல பூச்சு, குப்பை, ஹீட்டர் வயரிங் எல்லாம் வரி வரியா இருந்துச்சு, டைல்ஸ் பிசி ரேட் 8 வெள்ளி. அக்கா எடுத்த 9 வெள்ளி டைல்ஸுக்கு அடிக்கு ஒரு வெள்ளி கூட, 231 அடிக்கு 231 வெள்ளி சேத்தா 11,131. வெல கூடன்னு தள்ளி வச்ச ஆளு 504 வெள்ளி கம்மி.

பதில வாயால வாங்காதீங்க

"அதெல்லாம் உள்ளதான் கா, கவலப்படாதீங்க"ன்னு சொல்வாங்க. நல்ல மனுசனாவே இருக்கலாம், ஆனா வேலைக்கு வர்ற ஆளுங்களுக்கு அந்தப் பேச்சு தெரியாது. கேள்வி எல்லாத்தையும் ஒரே வாட்ஸப் மெசேஜா அனுப்புங்க, பதில் வந்ததும் திருத்துன கொட்டேஷன், புது தேதியோட கேளுங்க. நாளைக்கு தகராறுன்னு கன்ஸ்யூமர் டிரிப்யூனல் வரைக்கும் போனா, அங்க 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், காட்டுறதுக்கு தாள் வேணும்ல.

சிலது உடைச்சுப் பாக்காம யாருக்கும் தெரியாது, உள்ள துருப்பிடிச்ச பைப் இருக்கான்னு காண்ட்ராக்டர்கிட்ட சத்தியம் வாங்க முடியாது. அதுக்கு அடிக்கு இவ்வளவுன்னு ரேட் மட்டும் இப்பவே எழுதிக்கணும், கூடவே "வெல எழுதி சம்மதம் வாங்காம கூடுதல் வேலை கிடையாது"ன்னு ஒரு வரி. வேலை ஓடிட்டு இருக்கும்போது கேக்குற ரேட்டும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேக்குற ரேட்டும் ஒண்ணா இருக்காது.

அக்கா ரெண்டாவது ஆளுக்கே குடுத்தாங்க. ஹேக்கிங் மூணாவது நாள் பேசினுக்குப் பின்னாடி பழைய ஜிஐ இரும்பு பைப் தொட்டாலே உதிர்ற மாதிரி இருந்துச்சு. அவரு டேப் வச்சு அளந்து படம் எடுத்து அனுப்புனாரு, பதினொரு அடி, அடிக்கு 15 வெள்ளின்னு ஏற்கனவே எழுதுனது, 165. அக்கா ஓகேன்னு ஒரு வார்த்தை டைப் பண்ணிட்டு சமைக்கப் போயிட்டாங்க.