சீறும் பூனைக்குட்டியை ஆளுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் பழக்குவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் தெருப்பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. கடுகு, சீரகம், மிளகு என்று மூன்று. முதலிரண்டும் ஆளைக் கண்டால் ஓடும், அவ்வளவுதான். கறுப்புக்குட்டி மிளகு மூலையில் ஒண்டிக்கொண்டு சீறும். அதைப் பழக்கிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மிளகுக்குச் சரிப்பட்ட முறை மற்ற இரண்டுக்கும் தானாகவே சரிப்பட்டது.

பூனைக்குட்டி மனிதர்களை ஏற்றுக்கொள்ளும் பருவம் சுமாராக இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் இதை ஆராய்ந்தார். மூன்றாவது வாரத்திலேயே கைபட்ட குட்டிகள், ஏழாவது வாரத்தில்தான் கைபட்டவற்றைவிட ஆளிடம் சுலபமாக ஒட்டின. தினம் 15 நிமிடம் தூக்கி வைத்திருந்தவற்றைவிட 40 நிமிடம் வைத்திருந்தவை இன்னும் நன்றாக ஒட்டின. அதனால் உங்கள் கணக்கு தினம் 40 நிமிடம். ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. வயதைக் கண்டுபிடியுங்கள்

உதட்டை லேசாகத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். முன்பற்கள் மூன்றாவது வாரத்தில் முளைக்கும், கோரைப்பற்கள் நான்காவது வாரத்தை ஒட்டி வரும், பக்கப்பற்கள் அதற்குப் பிறகு. எடை வாரத்துக்கு 100 கிராம் கூடும் என்பார்கள். தெருக்குட்டிகள் இளைத்திருக்கும் என்பதால் நான் பல்லைத்தான் நம்புவேன். மிளகுக்குப் பக்கப்பல் தலைகாட்டியிருந்தது, அப்படியென்றால் சுமார் ஐந்து வாரம்.

2. சின்ன அறை

கட்டிலும் பீரோவும் இருக்கும் அறை வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் பிறகு துரத்தத்தான் வேண்டியிருக்கும், துரத்தினால் பழக்கியது வீண். நாங்கள் பயன்படுத்தாத குளியலறையில் வைத்தோம். உள்ளே மலஜலம் கழிக்க மண் நிரப்பிய தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் இருக்கும்போது கைவிட்டு இழுக்கவே கூடாது.

தாயைப் பிரிக்காதீர்கள். எட்டு வாரமாவது கூட இருக்கட்டும். ஆனால் தாய் ஆளைப் பார்த்துச் சீறினால் குட்டியும் அதையே கற்றுக்கொள்ளும். எங்கள் பூனை அப்படிப்பட்டதுதான். பால் கொடுக்க உள்ளே விடுவோம், அது வெளியே சுற்றப் போகும் நேரத்தில் எங்கள் பாடம்.

3. கரண்டி

உப்பு போடாமல் வேகவைத்த கோழியை, வெந்த தண்ணீரையே கொஞ்சம் விட்டுக் கூழாக அரையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, அதனால் குழம்பிலிருந்து எடுத்த கறி ஆகாது. பசும்பாலும் வேண்டாம், வயிற்றால் போகும்.

தடித்த தோல் கையுறை வாங்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டிக்கு உங்கள் கையின் வாசனைதான் பழக வேண்டும், கையுறையின் வாசனை அல்ல. நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டி போதும். தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், கரண்டியை மூக்குக்கு அருகே நீட்டிவிட்டுக் காத்திருங்கள். முதலில் கரண்டியைப் பார்த்தும் சீறும். வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், ‘சீறினால் ஆள் போய்விடுவார்’ என்று அது புரிந்துகொள்ளும். அசையாமல் வைத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் நக்கவில்லையா, கூழைத் தட்டில் வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்காருங்கள். பட்டினி போட்டுப் பணியவைக்கும் வேலை கூடாது. இந்த வயதில் அரை நாள் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

4. கரண்டியிலிருந்து கைக்கு

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கரண்டியில் நன்றாக நக்கும் குட்டி, கையை நீட்டினால் மறுபடி முதல் நாள் மாதிரி ஆகிவிடும். காரணம் கை வரும் திசை. தலைக்கு மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்துதான். கையைத் தரையோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுபோங்கள். அது நக்கிக்கொண்டிருக்கும்போதே விரலின் பின்புறத்தால் தோளை ஒரு நொடி தொட்டு, அது விலகுவதற்கு முன் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

மிளகு தொட்டதும் உறைந்துபோகும், ஆனால் நக்குவதை நிறுத்தாது. அதுதான் அளவுகோல். தின்றுகொண்டே இருந்தால் தாங்குகிறது என்று பொருள், நின்றால் அளவு மிஞ்சிவிட்டது. தோள், பிறகு கன்னம், தாடை, முதுகு என்று போய்க் கடைசியில் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினேன். பாடத்தின்போது அதை மட்டும் தனியே எடுப்பேன். கூடப்பிறந்தவை பக்கத்தில் இருந்தால் அவற்றின் பின்னால் பதுங்கிக்கொள்ளும். முடிந்ததும் மூன்றையும் சேர்த்துவிடுவேன்.

5. ஆள் மாற்றுங்கள்

ஒருவரே பழக்கினால் குட்டி அந்த ஒருவரிடம் மட்டும் ஒட்டும். நாலைந்து பேராவது வேண்டும்: கனத்த குரல் உள்ளவர், தரையில் சம்மணமிட்டு உட்காரத் தெரிந்த பிள்ளை, கைத்தடி ஊன்றும் தாத்தா. எல்லோர் கையிலும் அதே கரண்டி. எட்டாவது வாரத்தில்தான் முதல் தடுப்பூசி என்பதால், அதுவரை வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

6. சத்தம்

இங்கும் அதே அளவுகோல்தான். சாப்பாட்டு நேரத்தைக் குக்கர் விசிலோடு பொருத்துங்கள், அறைக்கதவு சாத்தியிருக்கட்டும். மிக்ஸி கொஞ்சம் கடினம். எங்கள் சமையலறையில் கதவுகளைச் சாத்திவிட்டு ஓட்டியபோது மிளகு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நக்கியது. சரி என்று அதையே சில நாள் தொடர்ந்தோம். குளியலறைக் கதவைப் பாதி திறந்ததும் காது பக்கவாட்டில் படிந்தது, கண்மணி விரிந்தது, கரண்டியை விட்டுவிட்டது. மறுபடி கதவைச் சாத்திப் பழைய நிலைக்கே போனோம். பிறகு ஒரு சாண், அப்புறம் முழுக் கதவு.

பட்டாசுக்குப் பதிவு செய்த ஒலி உண்டு. போனிலேயே போடாதீர்கள், அதன் ஒலிபெருக்கியில் வெடியின் அடிநாதம் வராது, வெறும் டப் டப்தான். புளூடூத் ஸ்பீக்கர் சுமாரானதாக இருந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கே காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய அளவில் தொடங்குங்கள். காது முன்பக்கம் நிற்க, முழுச் சாப்பாட்டையும் முடித்தால் அடுத்த வேளை ஒரு புள்ளி கூட்டலாம். தின்பதை நிறுத்தினால் இரண்டு புள்ளி குறையுங்கள். அதிர்வும் வெளிச்சமும் புகையும் பதிவில் இல்லை, ஆகவே தீபாவளி ராத்திரி எப்படிப் பழக்கியிருந்தாலும் ஜன்னலைச் சாத்திப் பெட்டியைத் திறந்து வையுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துகளில் ஒருவர் தன் குட்டிக்குப் பத்து வாரம் ஆகிவிட்டதே என்று கேட்டிருந்தார். முறை இதேதான், வாரங்கள் மாதங்களாகலாம். அந்நியரைக் கண்டால் ஒளியும் வழக்கம் சிலவற்றுக்குக் கடைசிவரை மிச்சமிருக்கும்.

இன்னொன்று: பழகிய பிறகு விரலைக் கடிக்கிறது என்று இரண்டு பேர். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள், குச்சியில் கயிறு கட்டி இழுங்கள். தனிக்குட்டியானால் கூடப்பிறந்ததையும் சேர்த்து வளர்ப்பது நல்லது. பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்.