தடைக்காலம் 60 நாளா, 61 நாளா? இரண்டு தேதிகளுக்கு நடுவே நாள் எண்ணும் முறை

காசிமேட்டில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் இதே தேதிகள்தான். இதை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்கிறோம். ஆனால் எக்செலைத் திறந்து ஜூன் 14இலிருந்து ஏப்ரல் 15ஐக் கழித்துப் பாருங்கள். 60 என்று வரும். அறிவிப்பிலும் தப்பில்லை, எக்செலிலும் தப்பில்லை. இரண்டும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன.

படகுக் காவலுக்கு நாள் கூலி போடுபவருக்கும், வலை வேலைக்கு ஆள் வைப்பவருக்கும் அந்த ஒரு நாள் பணமாகத்தான் வந்து நிற்கும். ஆகவே இந்தத் தடைக்காலத்தையே கணக்காக எடுத்துக்கொண்டு, முதலில் கையால் எண்ணிவிட்டுப் பிறகு எக்செலுக்குப் போவோம்.

முதல் படி: கையால் மாதம் மாதமாக எண்ணுங்கள்

ஏப்ரலுக்கு 30 நாள். 15ஆம் தேதியும் தடைக்குள் வருவதால் 15 முதல் 30 வரை எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் 30இல் 15 போனால் 15 என்று எழுதிவிடுகிறார்கள். 15, 16, 17 என்று விரல் விட்டு எண்ணினால் 16 வரும். 30இலிருந்து 15ஐக் கழிக்கும்போது, முதல் 15 நாட்களை, அதாவது 15ஆம் தேதியையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். தள்ள வேண்டியது தடைக்கு முந்தைய 14 நாட்களை மட்டும்தான். 30இல் 14 போனால் 16.

மே முழுதாக 31. ஜூனில் 1 முதல் 14 வரை 14. மூன்றையும் கூட்டினால் 16 + 31 + 14 = 61.

ஜூனில் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் அங்கே எண்ணிக்கை 1இல் தொடங்குகிறது. தொடக்க மாதத்தில்தான் கை தடுமாறும். நடுவில் பிப்ரவரி இல்லாததால் லீப் வருடமானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாம் படி: கழித்தல் எதை எண்ணுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் வருவது நாட்களின் எண்ணிக்கை அல்ல. முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிக்குப் போக எத்தனை நள்ளிரவைத் தாண்ட வேண்டும் என்பதுதான் அது. ஏப்ரல் 15க்கும் 16க்கும் நடுவே ஒரு நள்ளிரவு. தொட்டதோ இரண்டு நாள். கரையோரமாக வரிசையாகக் கட்டியிருக்கும் பத்துப் படகுகளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிதான் இருக்கும். அதே போல 61 நாட்களுக்கு நடுவே 60 நள்ளிரவு.

தடை எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏப்ரல் 14 இரவு 12 மணி கடந்ததும் தடை தொடங்குகிறது. ஜூன் 14 இரவு 12 மணி கடந்ததும் முடிகிறது. அந்த முடிவு நேரத்தின் தேதி ஜூன் 15. ஆகவே ஜூன் 15இலிருந்து ஏப்ரல் 15ஐக் கழித்தால் 61 தானாகவே வந்துவிடும். நாம் சேர்க்கும் அந்த 1 எங்கிருந்தோ ஒட்டவைத்த திருத்தம் அல்ல. கடைசி நாள் முடியும் வரை போவதற்கான ஒரு நாள் அது.

மூன்றாம் படி: எக்செலில் போடுங்கள்

A2இல் தொடக்கத் தேதி, B2இல் கடைசித் தேதி. இரண்டு நாளும் கணக்கில் வர வேண்டுமென்றால்:

```
=B2-A2+1
```

விடை 61. சில சமயம் 61க்குப் பதிலாக 1900ஆம் ஆண்டு மார்ச் 1 என்று ஒரு தேதி தெரியும். பயப்பட வேண்டாம், கணக்கு சரிதான். எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, 61ஆம் எண்ணுக்கு உரிய தேதி அது. அந்தக் கட்டத்தின் ஃபார்மேட்டை General என்று மாற்றினால் 61 தெரியும்.

`DAYS(B2,A2)` போட்டாலும் `DATEDIF(A2,B2,"d")` போட்டாலும் 60தான் வரும். இரண்டும் வெறும் கழித்தல், 1ஐ நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பைத்தானிலும் இதே கதை:

```
from datetime import date
(date(2025,6,14) - date(2025,4,15)).days   # 60
```

ஆனால் `NETWORKDAYS` அப்படியல்ல. அது இரண்டு முனை நாளையும் தானே சேர்த்துக்கொள்ளும். 2025 தடைக்காலத்தில் வலை சரிசெய்ய வந்தவருக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11)
```

கடைசியில் உள்ள 11 என்பது ஞாயிறு மட்டும் லீவு என்பதற்கான குறியீடு. விடை 53. ஏப்ரல் 20 தொடங்கி ஜூன் 8 வரை அந்தக் காலத்தில் எட்டு ஞாயிறு, 61இல் 8 போனால் 53, சரியாக இருக்கிறது. பழக்க தோஷத்தில் இதற்கும் +1 போட்டால் 54 ஆகி, செய்யாத ஒரு நாள் வேலைக்குக் கூலி போய்விடும்.

எந்த ஃபார்முலா எந்த ரகம் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே தேதியைப் போட்டுப் பாருங்கள், ஏப்ரல் 15, 2025, செவ்வாய்க்கிழமை. 0 வந்தால் அது நள்ளிரவை எண்ணுகிறது. 1 வந்தால் நாளை எண்ணுகிறது. மொபைலில் இருக்கும் தேதிக் கால்குலேட்டர் எதுவானாலும் இந்த ஒரு சோதனையில் அதன் குணம் தெரிந்துவிடும். `NETWORKDAYS` வகையைச் சோதிக்கும்போது மட்டும் விடுமுறைக் கிழமையைப் போடாதீர்கள், போட்டால் 0 வந்து ஏமாற்றிவிடும்.

நான்காம் படி: உங்களுக்கு வேண்டியது நாளா, இரவா?

இரண்டு நாளையும் சேர்ப்பதே எப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படகுக் காவலுக்கு ஒருவரை வைக்கிறீர்கள். ஏப்ரல் 15 மாலை 6 மணிக்கு வருகிறார், ஜூன் 14 காலை 6 மணிக்குக் கிளம்புகிறார். இரவுக்கு 500 ரூபாய் என்று பேச்சு. அவர் விழித்திருந்தது 60 இரவு. கூலி 30,000 ரூபாய். இங்கே +1 போட்டால் தப்பு, ஏனென்றால் ஒவ்வோர் இரவுக் காவலிலும் ஒரு நள்ளிரவு அடங்கியிருக்கிறது, கழித்தல் எண்ணுவதும் அதைத்தான். லாட்ஜ் வாடகையை இரவுக் கணக்கில் போடுவதும் இதே முறைதான்.

அவரே பகல் காவலுக்கு, நாளுக்கு 500 என்று ஏப்ரல் 15 காலை முதல் ஜூன் 14 மாலை வரை வந்திருந்தால் 61 நாள், 30,500 ரூபாய். தேதிகள் ஒன்றுதான். எண்ண வேண்டிய பொருள் மாறியதால் தொகை மாறுகிறது. தகராறு வருவதெல்லாம் “15 முதல் 14 வரை” என்று மட்டும் பேசிவிட்டு, நாளா இரவா என்று பேசாமல் விட்ட இடத்தில்தான்.

இந்தக் காவலாளி வந்துபோன நேரத்தையும் அதே கட்டத்தில் தேதியோடு சேர்த்து எழுதினால் இன்னொரு சிக்கல் வரும். 15-04-2025 18:00, 14-06-2025 06:00 என்று இருந்தால் கழித்தலுக்கு 59.5 விடை வரும். பைத்தானில் நேரத்தோடு கழித்து `.days` கேட்டால் அரையை வெட்டிவிட்டு 59 என்று சொல்லும். இப்படி விடை எதிர்பார்த்ததைவிட ஒன்றோ அரையோ குறைந்தால், முதலில் தேதிக்குள் நேரம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தை உதறிவிட்டுக் கழிக்க:

```
=INT(B2)-INT(A2)
```

இது 60 தரும். இரவு வேண்டுமானால் அப்படியே விடுங்கள், நாள் வேண்டுமானால் 1 சேருங்கள்.

காலத்தை இரண்டாகப் பிரிக்கும்போது

கூலியைப் பாதியில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று கொடுப்பது வழக்கம். ஏப்ரல் 15 முதல் மே 15 வரை 31 நாள், மே 15 முதல் ஜூன் 14 வரை 31 நாள் என்று இரண்டு சீட்டு எழுதினால் மொத்தம் 62 ஆகிவிடும். மே 15 இரண்டு சீட்டிலும் ஏறிவிட்டது. முதல் சீட்டை மே 14இல் நிறுத்த வேண்டும்: 30 நாள், பிறகு 31 நாள், மொத்தம் 61. எத்தனை துண்டாகப் பிரித்தாலும் துண்டுகளின் கூட்டு முழுக்காலத்தின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எத்தனை நாள் கூடியிருக்கிறதோ, அத்தனை சந்திப்புத் தேதிகள் இரட்டிப்பாகியிருக்கின்றன.

கடைசித் தேதியைக் கண்டுபிடிக்க

தொடக்கமும் நாட்களின் எண்ணிக்கையும் தெரியும், கடைசி நாள் எது என்பது கேள்வி. இப்போது 1ஐக் கழிக்க வேண்டும்:

```
=A2+61-1
```

ஜூன் 14 வரும். கழிக்காமல் விட்டால் ஜூன் 15 வரும். அது தடையின் கடைசி நாள் அல்ல, படகு கிளம்பலாம் என்ற நாள். தமிழகத்தில் முன்பு தடைக்காலம் 45 நாளாக இருந்தபோது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை என்று இருந்தது. 15உடன் 45ஐக் கூட்டி, 1ஐக் குறைத்துப் பார்த்தால் அந்தத் தேதியும் சரியாகப் பொருந்தும்.

சட்டத்தில் கெடு எண்ணும் முறை இதற்கு வேறானது. “இந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள்” என்று வந்தால், மத்திய அரசின் 1897ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவை ஒட்டி, தொடக்க நாளை விட்டுவிட்டு அடுத்த நாளை முதல் நாளாக எண்ணுவார்கள். ஏப்ரல் 15இலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 16 முதல் நாள், மே 15 கடைசி நாள். எக்செலில் வெறும் `=A2+30` போதும், 1ஐக் கழிக்கத் தேவையில்லை. தடைக்கால உத்தரவில் இரு நாட்களும் உட்பட என்று வெளிப்படையாக எழுதியிருப்பதால் அங்கே இந்த விதிக்கு வேலையில்லை. காவலுக்கோ வலை வேலைக்கோ நீங்கள் சீட்டு எழுதும்போதும் அதே மாதிரி எழுதுங்கள்: “15.04.2025 முதல் 14.06.2025 வரை, இரு நாட்களும் உட்பட, 61 பகல்.” தேதியும் எண்ணிக்கையும் இரண்டும் இருந்தால், ஒன்று தப்பாக எழுதப்பட்டாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.