லேசர் பிரிண்டரில் புகைப்படம் கறுத்துப் போகாமல் இருக்க: தயாரிப்பில் நடக்கும் தவறுகள்

கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கறுப்பு டோனரை ஓர் இடத்தில் வைக்கும், அல்லது வைக்காமல் விடும். தாளில் நமக்குச் சாம்பலாகத் தெரிவதெல்லாம் சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகள்தான். இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். 600 டிபிஐ பிரிண்டர், அதாவது அங்குலத்துக்கு 600 நுண்ணிய கட்டங்கள் போடும் பிரிண்டர், ஓர் அங்குலத்தில் 85 ஹாஃப்டோன் புள்ளிகளை அடுக்குகிறது என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய 7க்கு 7 கட்டம் கிடைக்கும். அந்த 49 கட்டங்களில் எத்தனை நிரம்புகின்றன என்பதே சாயல். வெறும் தாளையும் சேர்த்தால் 50 சாயல்கள். திரையில் இருப்பதோ 256. அந்த 50கூட முழுசாகக் கைக்கு வருவதில்லை. படங்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பச்சைச் செடி வேலிக்கு முன்னால் நிற்கிறார். கருமையான முடி, முகத்தில் பாதி நிழல். படம் தாளில் 8 செ.மீ. அகலத்தில் வர வேண்டும்.

முதல் தவறு, கலர் படத்தை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பி, கறுப்பு வெள்ளையாக மாற்றும் வேலையை அதனிடமே விட்டுவிடுவது. வழக்கமான மாற்றத்தில் சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் என்ற விகிதத்தில் பங்கு போகிறது. சட்டையின் நிறம் 200, 40, 40 என்றும் வேலியின் நிறம் 60, 110, 50 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் இரண்டுக்குமே 88 வருகிறது. கண்ணுக்குப் பளிச்சென்று பிரிந்து நின்ற சட்டையும் வேலியும் தாளில் ஒரே சாம்பலாகிவிடும். பிறகு கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் அவை பிரியாது, ஏனென்றால் வித்தியாசமே மிச்சமில்லை. மாற்றத்தை நாமே செய்து, சிவப்புக்கு 60, பச்சைக்கு 40 சதவீதம் கொடுத்தால் சட்டை 136, வேலி 80 என்று விலகிவிடும். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் இது Colors > Desaturate > Mono Mixer. அதற்காகச் சிவப்பை மட்டுமே எடுத்துக்கொள்ளவும் கூடாது. தோல் வெளுத்து, உதடு முகத்தோடு கரைந்துவிடும்.

அடுத்தது பெரிய தவறு. கறுப்பு 0, வெள்ளை 255 என்று முழு வீச்சையும் பயன்படுத்துவது. திரைக்கு அது சரி. தாளில் டோனர் கொஞ்சம் பரவுகிறது. போதாததற்கு, புள்ளியின் ஓரத்தில் தாளுக்குள் சிதறும் வெளிச்சமும் புள்ளியைப் பெரிதாகக் காட்டுகிறது. அதனால் கறுப்புப் பகுதியில் மிஞ்சியிருக்க வேண்டிய சின்னச் சின்ன வெள்ளை ஓட்டைகள் அடைபடும், நடுச் சாம்பல் ஒரு படி கறுக்கும். மறுமுனையில், மிகச் சிறிய புள்ளிகளில் டோனர் ஒட்டாமலே போகும். முடியும் நிழலும் ஒரே கறுப்புக் கட்டியாகவும், நெற்றி வெறும் தாளாகவும் வருவது இதனால்தான்.

எவ்வளவு அடைகிறது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர், தாளுக்குத் தாள் மாறும். ஊகிக்காமல் ஒரு சோதனைப் பட்டையை அச்சடித்துவிடுங்கள். 0 சதவீதம் கறுப்பிலிருந்து 100 வரை, ஐந்தைந்தாக ஏறும் சாம்பல் கட்டங்கள் போதும். படம் அச்சாகப் போகும் அதே தாளில், அதே அமைப்புகளோடு எடுங்கள். அதில் இரண்டு இடங்களை மட்டும் தேடுங்கள்: வெறும் தாளிலிருந்து பிரிந்து தெரியும் முதல் கட்டம் எது, முழுக் கறுப்பிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத முதல் கட்டம் எது.

நம் எடுத்துக்காட்டில் 5 சதவீதம் மெல்லத் தெரிகிறது. 85-க்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பு என்று கொள்வோம். அப்படியானால் படத்தின் ஆழ்ந்த கறுப்பு 85-ஐத் தாண்டத் தேவையில்லை. 85 சதவீதம் கறுப்பு என்றால் மிச்சம் 15 சதவீதம் வெளிச்சம்; 255-இல் அது 38. வெள்ளை முனைக்கு 255-இல் 95 சதவீதம், அதாவது 242. GIMP-இன் Colors > Levels-இல் கீழே இருக்கும் Output Levels-இல் இந்த 38, 242 இரண்டையும் போட வேண்டும். அதே பெட்டியில் மேலே உள்ள நடு எண்ணை 1-லிருந்து 1.4 அளவுக்கு ஏற்றினால் நடுச் சாம்பலும் வெளுக்கும். அந்த 1.4 ஒரு தொடக்கம்தான். முகத்தை மட்டும் வெட்டி ஒரு முறை அச்சடித்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். இதைச் செய்த பிறகு திரையில் படம் மங்கலாக, சாயம் போனதுபோல் தெரியும். தெரியட்டும். பலர் இங்கேதான் பயந்துபோய்க் கான்ட்ராஸ்ட்டை மறுபடி ஏற்றி, செய்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளை முனையில் ஒரு விதிவிலக்கு உண்டு. படத்தின் பின்னணியே வெள்ளை என்றால் 242 வேண்டாம், 255 இருக்கட்டும். இல்லையென்றால் பின்னணி முழுக்க மெல்லிய புள்ளிகள் தூவி அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கும்.

அளவு விஷயத்தில் உள்ள தவறு, பிக்சல் கூடினால் துல்லியமும் கூடும் என்று நம்புவது. 8 செ.மீ. என்பது 3.15 அங்குலம். அங்குலத்துக்கு 85 புள்ளி என்றால் முழு அகலத்துக்கும் சுமார் 268 புள்ளிகள்தான். நம் ஆளின் முகம் தாளில் 2 செ.மீ. வந்தால் அதற்குக் கிடைப்பது 67 புள்ளி. கண்ணுக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு. அதற்குள் இமையும் விழியும் வந்தாக வேண்டும். புள்ளி வரிசையைப்போல் இரு மடங்கு பிக்சல், அதாவது இந்தப் படத்துக்கு 540 பிக்சல் அகலம் போதும். 4000 பிக்சல் படத்தை அனுப்பினாலும் கண்ணுக்கு அதே பன்னிரண்டு புள்ளிதான். உண்மையில் உதவுவது வெட்டுவது. வேலியை வெட்டிப் படத்தின் அகலத்தைப் பாதியாக்கி, அதையே 8 செ.மீ.க்கு விரித்து முகத்தை 4 செ.மீ. ஆக்கினால் கண்ணுக்கு இரு மடங்கு புள்ளி கிடைக்கும். வேறெந்த வித்தையும் இதற்கு ஈடாகாது.

அளவைக் குறைத்த பிறகுதான் கூர்மைப்படுத்த வேண்டும். முன்பே செய்தால் குறைக்கும்போது கரைந்துவிடும். Unsharp Mask-இல் ஆரம் 1 பிக்சலுக்குள் இருக்கட்டும். கூர்மையின் அளவைத் திரைக்கு ஏற்றதைவிடக் கொஞ்சம் மிகையாகவே வையுங்கள். ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு திரையில் உறுத்தும், ஆனால் ஹாஃப்டோன் அதை மழுக்கிவிடும்.

அப்புறம், சிலர் படத்தைத் தாங்களே புள்ளிப் படமாக மாற்றி அனுப்புகிறார்கள். ஒற்றை ஒற்றைப் பிக்சலாகச் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை 600 டிபிஐ-இல் லேசர் பிரிண்டர் ஒழுங்காகப் பிடிக்காது. சிலது விழாது, சிலது ஒன்றோடொன்று ஒட்டும். போதாக்குறைக்கு, பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவு படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டால் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக மோயர் எனப்படும் கோலம் வரும். சாம்பல் படமாகவே அனுப்புங்கள், புள்ளி போடுவதைப் பிரிண்டர் பார்த்துக்கொள்ளும்.

டோனர் சேமிப்பு முறை அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைப் பட்டை எடுக்கும்போதும்தான். அச்சடித்த பக்கத்தைப் பிறகு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால், டிரைவர் அனுமதித்தால் அங்குலத்துக்கு 60 புள்ளி அளவுக்கு இறக்கிவிடுங்கள். புள்ளி கண்ணுக்குத் தெரியும், விவரமும் சற்றுக் குறையும். ஆனால் நகல் எடுக்கும்போது நுண்ணிய புள்ளிகள் அடைபடுவதுபோல் பெரிய புள்ளிகள் சீக்கிரம் அடைபடாது. சோதனைப் பட்டையையும் ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்பு முனையை அந்த நகலைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.