மொத்தம் சரி, பொன்னியில் 10 கிலோ குறைவு: அரிசி ஆர்டரைச் சிப்பமாக மாற்றும்போது வரும் தவறுகள்

குன்னூரில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண சீசனில் சமையல் காண்ட்ராக்டர்களுக்கு அரிசி போவது என் கடையிலிருந்துதான். அவர்கள் குவிண்டாலில் கேட்பார்கள், ஆலைக்காரர் சிப்பத்தில் அனுப்புவார், சமையல்கட்டில் மாஸ்டர் கிலோவில் அளப்பார். ஒரு குவிண்டால் என்றால் 100 கிலோ. இது எல்லோருக்கும் தெரியும், இதில் யாரும் தவறுவதில்லை. தவறுவதெல்லாம் கிலோவிலிருந்து சிப்பத்துக்குப் போகும்போதுதான்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். போனில் வந்தது: “அண்ணே, பொன்னி புழுங்கல் நாலு, பச்சரிசி ஒன்றரை, இட்லி அரிசி ஒண்ணு. வெள்ளிக்கிழமை காலைல மண்டபத்துல இறங்கிடணும்.” எல்லாம் குவிண்டால். மொத்தம் ஆறரை, அதாவது 650 கிலோ.

எங்கள் தொழிலில் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு: குவிண்டாலுக்கு நாலு சிப்பம். சிப்பம் 25 கிலோவாக இருந்த காலத்தில் அது சரி. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டி வரும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள பைக்கு வரி இல்லை. ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. பை பார்க்க அதே பைதான். வாயில் வரும் வாய்ப்பாடும் மாறவில்லை.

அந்தப் பழக்கத்தில் நான் போட்ட கணக்கு: பொன்னி 16, பச்சரிசி 6, இட்லி அரிசி 4. மொத்தம் 26 சிப்பம். பில்லும் அப்படியே. பொன்னி குவிண்டால் 5,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நாலால் வகுத்துச் சிப்பம் 1,350 என்று எழுதினேன். 26 கிலோவுக்கு 1,404 வர வேண்டும். ஒரு சிப்பத்துக்கு 54 ரூபாய், அதாவது ஒரு கிலோ அரிசி, சும்மா போகிறது. பொன்னியில் மட்டும் 16 கிலோ, 864 ரூபாய். மூன்று வகையும் சேர்த்தால் சரியாக ஒரு சிப்பம் இனாம். காண்ட்ராக்டர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? வருஷக் கடைசியில் இருப்பு எடுத்தபோதுதான், விற்ற கணக்குக்கும் குடோனுக்கும் ஒத்துவராமல் தலையைச் சொறிந்தேன்.

சரி, இனி 26-ஆல் வகுப்போம் என்று முடிவு செய்தேன். அடுத்த தவறு அங்கே வந்தது. இதுதான் பொல்லாதது, ஏனென்றால் சரிபார்த்தாலும் மாட்டாது. 650-ஐ 26-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 25. பார்க்க அவ்வளவு சுத்தமான கணக்கு. வகைவாரியாக வகுத்தால் பொன்னி 15.38, பச்சரிசி 5.77, இட்லி அரிசி 3.85 என்று கால்குலேட்டர் காட்டும். கடைப்பையன் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளி 15, 6, 4 என்று எழுதினான். கூட்டினால் 25. மொத்தத்தோடு ஒத்துப்போகிறது, எடையும் 650. நானும் தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

ஆனால் உள்ளே போனது என்ன? பொன்னி 390 கிலோ, பச்சரிசி 156, இட்லி அரிசி 104. பச்சரிசியும் இட்லி அரிசியும் கூடுதலாகப் போன அந்த 10 கிலோதான் பொன்னியில் குறைந்தது. பச்சரிசியை எடுத்து மதியச் சாப்பாட்டுக்கு வடிக்க முடியுமா? கிலோவுக்கு எட்டுப் பேர் என்று போட்டாலும் 80 பேர் சாப்பாடு. கோயம்புத்தூராக இருந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு பை வாங்கிவிடலாம். எனக்குச் சரக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருவது. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு லாரியே கிடையாது. அன்று மார்க்கெட்டில் சில்லறை விலை கொடுத்து, அதுவும் வேறு ரகப் பொன்னி வாங்கி அனுப்பினேன். இரண்டு ரகமும் ஒரே பதத்தில் வேகவில்லை என்று மாஸ்டர் திட்டியது தனிக்கதை.

அதனால் மொத்தத்தை ஒருபோதும் வகுக்காதீர்கள். ஒவ்வொரு வகையையும் தனியாக வகுத்து, புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் மேலே தள்ளுங்கள். அப்படிச் செய்தால் 16, 6, 4 வரும். பழைய வாய்ப்பாட்டில் வந்த அதே எண்கள்! அதைப் பார்த்து “அப்போ நாலால் பெருக்கினதே சரிதானே” என்று நினைத்துவிடக் கூடாது. சிப்ப எண்ணிக்கைதான் ஒன்று. எடை 676 கிலோ, பில் அதற்குத்தான் போட வேண்டும். கொஞ்சம் பெரிய ஆர்டரில் எண்ணிக்கையும் விலகிவிடும்: 10 குவிண்டால் பொன்னிக்குப் பழைய கணக்கு 40 சிப்பம், உண்மையில் 39 போதும்.

மேலே தள்ளுவதும் எப்போதும் நல்லதல்ல. 15.38-இல் அந்த .38 என்பது 38 கிலோ இல்லை, ஒரு சிப்பத்தில் அவ்வளவு பங்கு. பதினைந்தை 26-ஆல் பெருக்கி 400-இல் கழித்தால் 10 கிலோ. இவ்வளவுக்காகப் பதினாறாவது சிப்பத்தைப் பிரித்தால் 16 கிலோ மிஞ்சும், பிரித்த பையை நான் திரும்ப எடுப்பதில்லை. 15 சிப்பமும் சில்லறையாக 10 கிலோவும் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. பச்சரிசிக்கு 20 கிலோ, இட்லி அரிசிக்கு 22 கிலோ என்று வரும்போது முழுச் சிப்பமே கொடுத்துவிடலாம்.

அப்புறம் புள்ளி. “ஆறு குவிண்டால் அஞ்சு கிலோ” என்பதை 6.5 என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 6.05. 6.5 என்றால் 650 கிலோ, 6.05 என்றால் 605. நடுவில் 45 கிலோ. வாட்ஸ்அப்பில் 6.5 என்று வந்தால் “அறுநூத்தம்பது கிலோதானே?” என்று திருப்பிக் கேட்டுவிடுவேன்.

சீட்டில் “25 x 26” என்று மட்டும் எழுதுவதும் வேண்டாம். எது எண்ணிக்கை, எது எடை? பெருக்கினால் எப்படியும் 650தான், அதனால் கடையில் யாருக்கும் சந்தேகம் வராது. மண்டபத்து வாசலில் 25 பையை இறக்கிவிட்டு டிரைவர் கிளம்பும்போது, சீட்டைக் கையில் வைத்திருப்பவர் 26-வது எங்கே என்று கேட்பார். இறக்குக்கூலி சிப்பக் கணக்கு என்பதால் சுமைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். இப்போது என் சீட்டு இப்படி இருக்கிறது:

பொன்னி புழுங்கல்: 400 கிலோ = 26 கிலோ சிப்பம் 15, சில்லறை 10 கிலோ
பச்சரிசி: 156 கிலோ = 26 கிலோ சிப்பம் 6
இட்லி அரிசி: 104 கிலோ = 26 கிலோ சிப்பம் 4

சில்லறைப் பையின் வாயில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் இறக்குகிறவர்கள் அதையும் ஒரு சிப்பமாக எண்ணிவிடுகிறார்கள்.