ஹிப் த்ரஸ்ட்: உச்சியை இழக்க வைக்கும் தவறுகள்

கோத்தகிரியில் நான் பயிற்சி அளிக்கும் ஜிம்மிற்கு வருகிறவர்களில் பலர், ஸ்குவாட்டில் ஓரளவு தேறிய பிறகுதான், பெஞ்சில் முதுகைச் சாய்த்து இடுப்பின் மேல் வைத்த பாரை இடுப்பால் மேலே தள்ளும் ஹிப் த்ரஸ்டைத் தொடங்குகிறார்கள். ஸ்குவாட்டில் அடியிலிருந்து எழுவதே கடினம். மேலே வந்துவிட்டால் ரெப் முடிந்தது என்று பொருள். அதே எண்ணத்தோடு ஹிப் த்ரஸ்டையும் செய்து, பாரை மேலே தள்ளிய கணத்திலேயே கீழே விட்டுவிடுகிறார்கள். தொடக்க காலத்தில் நான் செய்ததும் இதுதான். பெஞ்ச் நகர்வது, பாருக்கு உறை போடாததால் இடுப்பெலும்பு வலிப்பது போன்றவை முதல் நாளிலேயே தாமாகத் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மேலே வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஸ்குவாட்டில் நிமிர்ந்து நின்றவுடன் பார், இடுப்பு மூட்டு, பாதம் மூன்றும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் வந்துவிடுகின்றன. எடையை எலும்புகளே தாங்கிக்கொள்வதால், இடுப்பை மடக்க முயலும் திருப்பு விசை அநேகமாக மறைந்துவிடுகிறது. நம் ஊர்ப் படிக்கட்டுகளில் ஏறும்போதும் இதுதான் நடக்கிறது: கால் மடங்கியிருக்கும்போது பிட்டத்தசை பாடுபடுகிறது, உடல் நிமிர நிமிர ஓய்வு பெறுகிறது.

ஹிப் த்ரஸ்டில் உடல், இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் எடை ஏற்றப்பட்ட ஒரு பலகையைப் போல நிற்கிறது. ஒரு முனை பெஞ்சில் சாய்ந்த முதுகு, மறுமுனை பாதம், நடுவில் பார். 60 கிலோ பாரை எடுத்துக்கொள்வோம். உச்சியில் முதுகு பெஞ்சைத் தொடும் இடத்திலிருந்து இடுப்பு மூட்டு வரை கிடைமட்டமாக 45 செ.மீ., அங்கிருந்து குதிகால் வரை 42 செ.மீ. என்று வைத்தால், பாதத்தின் பங்குக்கு ஏறத்தாழ 31 கிலோ வருகிறது. அதை 42 செ.மீ. தொலைவால் பெருக்கினால், இடுப்பை மடக்க முயலும் திருப்பு விசையாக ஏறத்தாழ 1300 கிடைக்கிறது. கீழே இறங்கி முதுகு சுமார் 40 பாகை சாய்ந்திருக்கும்போது அந்தத் தொலைவுகள் 34, 53 என்று மாறுகின்றன. பாதத்தின் பங்கு 23 கிலோவுக்குச் சற்று மேலே. பெருக்கினால் சுமார் 1240. தரையோடும் பெஞ்சோடும் உள்ள உராய்வையும் உடலின் சொந்த எடையையும் ஒதுக்கிவிட்டுப் போட்ட எளிய கணக்குதான் இது. ஆனால் முக்கியமான செய்தி இதிலேயே தெரிகிறது: உச்சிக்கு வரும்போது சுமை குறையவில்லை, சற்றே கூடுகிறது.

இந்தச் சிறு கூடுதல் மட்டும் உச்சியை அவ்வளவு கடினமாக்கிவிடாது. பெரிய காரணம் தசைக்குள் இருக்கிறது. எந்தத் தசையும் நன்றாகச் சுருங்கிய நிலையில், நடு நீளத்தில் இருப்பதைவிடக் குறைவான விசையையே தர முடியும். பிட்டத்தசை மிகவும் சுருங்கியிருக்கும் இடத்திலேயே சுமை முழுதாக நிற்கிறது. உதவிக்கு வரும் தசைகளும் அங்கே விலகிக்கொள்கின்றன. ஹாம்ஸ்ட்ரிங் இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்லும் தசை. முழங்கால் 90 பாகை மடங்கி இடுப்பு நிமிரும்போது அது இரு முனைகளிலும் தளர்ந்துபோவதால் பெரிதாக இழுக்க முடியாது. தொடையின் உட்புறப் பெருந்தசையும் இடுப்பு மடங்கியிருக்கும்போதுதான் நிமிர்த்துவதற்கு நன்கு உதவுகிறது. கடைசியில் எஞ்சி நிற்பது பிட்டத்தசை மட்டுமே.

எடையை ஏற்றி, கடைசிப் பதினைந்து பாகையை முதுகிடம் கொடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் 60 கிலோவில் நல்ல ரெப்கள் செய்துகொண்டிருந்தார். சில வாரங்களில் தாமாகவே எடையைக் கூட்டி, "மாஸ்டர், நூறு கிலோ ஏறிடுச்சு" என்று மகிழ்ச்சியோடு வந்தார். பார் உண்மையிலேயே ஏறியது. ஆனால் எங்கே களைப்பாக இருக்கிறது என்று கேட்டபோது அவர் கை இடுப்புக்கு மேலே, கீழ்முதுகில் போய் நின்றது. காலையில் குனிந்து காலணி அணிவதே சிரமமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

கைபேசியைப் பெஞ்சின் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்துக் காட்டினேன். தோள் முதல் முழங்கால் வரை கோடு ஏறத்தாழ நேராகத்தான் தெரிந்தது. அவரை ஏமாற்றியதும் அந்தக் கோடுதான். இடுப்பு நிமிர்ந்திருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணமே தவிர, மார்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் அன்று. விலா எலும்புகள் மேலே எழும்பி, கீழ்முதுகு வளைந்து, இடுப்பெலும்பு முன்னோக்கி 15 பாகை சாய்ந்துவிட்டால், உடல் நேராகத் தெரிந்தாலும் இடுப்பு மூட்டு இன்னும் 15 பாகை மடங்கியேதான் இருக்கிறது. பிட்டத்தசை முழுதாகச் சுருங்கும் அந்தக் கடைசிப் பகுதியை, எதற்காக இந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தோமோ அதே பகுதியை, முதுகுத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. பாரில் 40 கிலோ கூடியது. பிட்டத்தசைக்கான வேலையோ மிகக் கடினமான இடத்தில் குறைந்துவிட்டது.

அவரை மறுபடி 60 கிலோவுக்கு இறக்கினேன். தாடையை நெஞ்சோடு சேர்த்து, பார்வையை முழங்கால்களின் மேல் வைக்கச் சொன்னேன். மேலே தள்ளும்போதே மூச்சை விட்டு விலாவைக் கீழே இறக்கி, தொப்புளுக்குக் கீழுள்ள இடுப்பெலும்பின் முன்விளிம்பை முகத்தை நோக்கிச் சுருட்ட வேண்டும். அப்படியே இரண்டு நொடி நிற்க வேண்டும். எட்டு ரெப் கொண்ட மூன்று செட். ஒவ்வொரு செட்டின் எட்டாவது ரெப்பிலும் அந்த இரண்டு நொடி அசையாமல் நின்றால் மட்டுமே அடுத்த முறை 5 கிலோ கூட்டலாம். முதல் நாளில் ஆறாவது ரெப்பிலேயே பார் நடுங்கி இறங்கியது. நூறு கிலோ தூக்கியவர் 60 கிலோவை உச்சியில் நிறுத்த முடியாமல் போனதைப் பார்த்த பிறகு, அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. தொடையின் முன்தசை இறுக்கமாக உள்ள சிலருக்கு, முழங்கால் மடங்கிய நிலையில் இடுப்பு முழுதாக நிமிராது. அவர்கள் தம் இடுப்பு நிற்கும் இடத்தையே உச்சியாகக் கொள்ள வேண்டும். மீதியை முதுகிலிருந்து கடன் வாங்கக் கூடாது.

பாதத்தைக் கீழ்நிலையில் வைத்துச் சரிபார்ப்பது

உச்சியில் பாருங்கள், அங்கே முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு செங்குத்தாக நிற்க வேண்டும். பாதம் தொலைவில் இருந்தால் முழங்காலின் மடிப்பு விரிந்து ஹாம்ஸ்ட்ரிங் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். தொடையின் பின்புறம் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் காரணம் இதுவே.

உயரமான பெஞ்ச்

குள்ளமானவர்கள் 40 செ.மீ.க்கும் தாழ்ந்த பெஞ்சைத் தேடிக்கொள்ளவும்.

உச்சியில் கடினம் என்றால் வளர்ச்சியும் அதிகம் என்று முடிவு கட்டுவது

ஹிப் த்ரஸ்டைப் பரவலாக்கிய பிரெட் கான்ட்ரெராஸ் உள்ளிட்டோரின் தசை மின்னளவீடுகளில், இந்தப் பயிற்சியின்போது பிட்டத்தசை ஸ்குவாட்டைவிட அதிகமாகத் தூண்டப்படுவது தெரிந்தது. ஆனால் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை இரு குழுக்களாகப் பிரித்து 9 வாரங்கள் ஒரு குழுவுக்கு ஹிப் த்ரஸ்டும் மற்றொன்றுக்கு ஸ்குவாட்டும் கொடுத்து எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தபோது, பிட்டத்தசை இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவே வளர்ந்திருந்தது; தொடைத் தசைகள் ஸ்குவாட் குழுவில் கூடுதலாக வளர்ந்திருந்தன. உச்சியில் சுமை நிற்பது, இடுப்பு நிமிர்ந்த நிலையில் வலுவைக் கூட்ட உதவும். தசையின் அளவு கூடுவதற்கோ, தசை நீண்டிருக்கும் நிலையில் பெறும் சுமையும் குறைந்ததன்று. ஆகவே அந்த இளைஞருக்கு வாரத்தில் ஒரு நாள் ஹிப் த்ரஸ்டையும் இன்னொரு நாள் ஆழமான ஸ்குவாட்டையும் கொடுத்திருக்கிறேன். ஸ்குவாட் நாளில் எடை கூடுவதை நான் தடுப்பதில்லை. ஹிப் த்ரஸ்ட் நாளில் மட்டும் பக்கத்தில் நின்று இரண்டு நொடிகளை எண்ணுகிறேன்.