"லேப்டாப் - 1" என்று எழுதினால் போதாது: பொருள் வழங்கும் பதிவேட்டில் நடக்கும் தவறுகள்

வேலையை விட்டுப் போகிறவரின் நோ டியூஸ் படிவம் ஐ.டி. மேஜையிலேயே தேங்கி நிற்கிறதென்றால், பெரும்பாலும் கோளாறு கடைசி நாளில் நடந்ததல்ல. அவர் சேர்ந்த அன்று பதிவேட்டில் "லேப்டாப் - 1, சார்ஜருடன்" என்று எழுதியதோடு விட்டிருப்பார்கள். எந்த லேப்டாப் என்று அதில் இருக்காது.

ஓர் உதாரணம். ஒருவருக்குக் கொடுத்த லேப்டாப் ஒரு வருடத்தில் பழுதாகிறது. ஐ.டி.க்காரர் அவசரத்துக்கு வேறொன்றைக் கொடுத்து, பழையதைச் சர்வீஸுக்கு அனுப்புகிறார், பதிவேட்டைத் தொடவில்லை. இன்னொரு வருடம் கழித்து அவர் ராஜினாமா செய்து, கையில் இருப்பதைத் திருப்பித் தருகிறார். அது ஆரம்பத்தில் கொடுத்ததல்ல என்று ஹெச்.ஆர். சம்பளத்தை நிறுத்துகிறது. இப்போது நிரூபிக்க வேண்டியவர் யார்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழையது வரவு, புதியது பற்று என்று இரண்டு வரி, இரண்டு கையெழுத்து இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. சீரியல் நம்பரை ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாதீர்கள், அது தேய்ந்துபோகும். விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை அடித்தால் கிடைத்துவிடும்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

திருப்பித் தந்த லேப்டாப் கைக்கு வந்ததும், திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவது அடுத்த தவறு. ஊழியர் தன் சொந்த ஆப்பிள் கணக்கில் நுழைந்து Find My-ஐ இயக்கி வைத்திருந்த மேக்புக்கை, அழித்து இன்னொருவருக்குக் கொடுக்கப் போனால் Activation Lock வழிமறிக்கும். அவர் எதிரில் இருக்கும்போதே கணக்கிலிருந்து வெளியேறச் சொல்வது ஐந்து நிமிட வேலை. போன பிறகு, அவர் போனை எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தொழிற்சாலையில் வெர்னியர், டார்க் ரெஞ்ச் போன்றவற்றில் எண்ணைப் பொறித்து, ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் டோக்கன் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கைமாறிய கருவிக்கு ஒருவரைப் பிடிப்பது நியாயமில்லை. சீருடை வேறு கதை. இரண்டு வருடம் உடுத்திய சட்டையைத் திரும்பக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அதை நுகர்பொருளாகவே எழுதிவிட்டு, அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் வாங்குங்கள். செக்யூரிட்டி சீருடைக்கு மட்டும் விதிவிலக்கு.

எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது, பொருள் வரும்வரை சம்பளத்தையே நிறுத்துவது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தர வேண்டும். காணாமல்போன பொருளுக்குப் பிடித்தம் செய்யலாம்; ஆனால் அது அவர் பொறுப்பில் ஒப்படைத்ததாக இருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவால் போயிருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பும் தந்திருக்க வேண்டும். நடந்த இழப்புக்கு மேல் பிடிக்கவும் கூடாது. 60,000 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வருட ஆயுள் என்று வருடத்துக்கு 20,000 கழித்துக் கணக்கு வைத்த லேப்டாப் இரண்டு வருடத்துக்குப் பின் தொலைந்தால், உங்கள் புத்தகத்திலேயே அதன் மதிப்பு 20,000தான். அப்போது முழு 60,000-ஐயும் பிடித்தால், உங்கள் கணக்குப் புத்தகமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி.