செம்பின் கோட்பாட்டு வலிமையும் உண்மை வலிமையும்: பத்தாயிரம் மடங்கு இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

படி 1: குறைபாடற்ற படிகம். ஓர் அணு அடுக்கு முழுவதும் மற்றோர் அடுக்கின் மேல் ஒரே நேரத்தில் சறுக்குகிறது என்று வைத்துக்கொண்டு, தேவையான தகைவை 1926-இல் ஃப்ரெங்கல் கணக்கிட்டார். சூத்திரம் `Gb/(2πd)`. `G` விறைப்புக் குணகம், `b` அணு தாண்டும் தூரம், `d` அடுக்குகளின் இடைவெளி. செம்புக்கு ஏறத்தாழ 9,400 MPa கிடைக்கும்.

படி 2: அளந்த மதிப்பு. நான் முதலில் தடுக்கியது இங்கேதான். கையேட்டிலிருந்த செம்புக் கம்பியின் இழுவிசை மதிப்பை எடுத்து ஒப்பிட்டேன். அது பல படிகங்கள் சேர்ந்த கம்பிக்கு உரியது. நமக்கு வேண்டியது தூய ஒற்றைப் படிகத்தில், சறுக்குத் தளத்தின்மீது, சறுக்கும் திசையில் செயல்படும் தகைவு. அது சுமார் 1 MPa மட்டுமே.

படி 3: டிஸ்லொகேஷன். 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியே இதை முன்வைத்தனர். படிகத்துக்குள் பாதியில் முடிந்துவிடும் ஓர் அணு அடுக்கின் விளிம்பே டிஸ்லொகேஷன். அது நகரும்போது விளிம்பை ஒட்டிய அணுக்கள் மட்டுமே இடம் மாறுகின்றன.

இதற்கு ஜமுக்காளத்தின் மடிப்பைத் தள்ளும் உவமையைச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு சில அணுக்கள்தான் நகர்கின்றன என்பதை அது காட்டும். அந்தச் சில அணுக்களும் ஏன் இவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதைக் காட்டாது. விளிம்பின் முன்னால் உள்ள அணுக்கள் அடுத்த இடத்துக்குப் போகத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பின்னோக்கி இழுக்கும் விசை உண்டு. பின்னால் உள்ளவை மேட்டைத் தாண்டி இறங்குகின்றன. அவை முன்னோக்கி இழுக்கப்படுகின்றன. இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகிவிடுகின்றன. இந்தப் பகுதி எவ்வளவு அகலமோ அவ்வளவு முழுமையாகச் சமன் ஆகும்.

படி 4: கணக்கு. அந்த மிச்ச எதிர்ப்பைத் தருவது பையர்ல்ஸ்–நபாரோ சூத்திரம். அகலத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருப்பதால் விரிதாளைவிடப் பைத்தானே எனக்குப் பிடிக்கும்.

```python
from math import pi, exp
G, nu = 48e3, 0.34    # MPa
b, d = 0.256, 0.209   # nm
print(G*b/(2*pi*d))
for k in (1, 1.5):
    w = k*d/(1-nu)
    print(2*G/(1-nu)*exp(-2*pi*w/b))
```

முதல் விடை சுமார் 9,400, அடுத்தது 61, அகலத்தை ஒன்றரை மடங்காக்கினால் 1.3. அகலம் அடுக்குக்குறியில் இருப்பதால்தான் இவ்வளவு பெரிய மாற்றம். ஆகவே இந்தச் சூத்திரத்திலிருந்து துல்லியமான எண்ணை எதிர்பார்க்காதீர்கள். எந்த அளவில் விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள். செம்பில் டிஸ்லொகேஷன் இரண்டாகப் பிரிந்து அகன்றிருப்பது உண்மை.

பின்சேர்க்கை: "டிஸ்லொகேஷன் உலோகத்தை மென்மையாக்கும் என்றால், வளைத்து வளைத்து டிஸ்லொகேஷனைப் பெருக்கிய செம்புக் கம்பி ஏன் விறைக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் விட்டுவிட்ட இடம் அது. மேலே உள்ள கணக்கு தடையின்றி நகரும் ஒற்றை டிஸ்லொகேஷனுக்கு உரியது. சூடாக்கிப் பதப்படுத்திய செம்பில் அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. வளைக்க வளைக்க நெருங்கி, ஒன்றின் பாதையில் மற்றொன்று குறுக்கிடும். அப்போது எதிர்ப்பை முடிவு செய்வது அணு மேடு அல்ல, அவற்றுக்கு இடையே உள்ள தூரம்.